பேனையைக் கீழே வைக்கச் சொன்னது ஏன்?

வியாழக்கிழமை ஒருவர் என் கணித வகுப்பைப் பார்வையிட வந்தபோது நடந்ததைப் பற்றிப் பலர் உள்பெட்டியில் கேட்டுவிட்டீர்கள். பேசாமல் விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் "பிள்ளைகளைச் சும்மா இருக்க வைக்கிற டீச்சர்" என்ற பேச்சு திருகோணமலையில் பாடசாலைக்குப் பாடசாலை போய்ச் சேர்ந்த பிறகு எப்படிப் பேசாமல் இருப்பது?

நான் கணக்கை ஸ்லைட்டில் ஒவ்வொரு வரியாகத் திரையில் காட்டுவேன், எல்லா வரியும் வரும்வரை பிள்ளைகள் எழுதக்கூடாது. அதைப் பார்த்துவிட்டு வந்தவர் சொன்னது இதுதான்: "ஒவ்வொரு வரியாகக் காட்டி நேரத்தை வீணாக்காதீங்க. முழு விடையையும் ஒரேயடியாப் போடுங்க, பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும்." பாடவேளை பாதி போயும் கொப்பியில் ஒன்றும் இல்லை என்பது அவருடைய குறை.

பார்த்து எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை யோசிப்பதில்லை. என் பதில் அவ்வளவுதான். கண் திரையில், கை கொப்பியில், மனம் அடுத்த வரி அழிந்துவிடுமோ என்ற பயத்தில்.

அன்று படிப்பித்தது வர்க்கபூர்த்தி. கணக்கு x² − 6x + 4 = 0. முதல் சொடுக்கில் x² − 6x = −4 வரும். அங்கே நிறுத்துவேன். எல்லோருடைய பேனையும் மேசையில். "இடப்பக்கத்தை நிறைவர்க்கமாக்க என்ன கூட்ட வேண்டும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். அவர் வீண் என்று சொன்ன நேரம் இதுதான். யாராவது "6இல் பாதி 3, அதன் வர்க்கம் 9" என்று சொன்ன பிறகுதான் அடுத்த சொடுக்கு: x² − 6x + 9 = −4 + 9. இரண்டு 9களும் சிவப்பில். இடப்பக்கம் மட்டும் கூட்டிவிட்டு வலப்பக்கத்தை மறப்பதுதான் இந்தப் பாடத்தில் அதிகம் நடக்கும் பிழை. பிறகு (x − 3)² = 5. பிறகு x − 3 = ±√5. இந்த ± குறிக்கும் ஒருமுறை நிறுத்துவேன், அதை விட்டால் ஒரு விடை போய்விடும். √5க்கு 2.24 என்று எடுத்தால் x = 5.24 அல்லது 0.76. முன்னைய வரி எதுவும் திரையை விட்டுப் போகாது. எல்லா வரியும் நின்ற பிறகுதான் "இப்போது எழுதுங்கள்" என்பேன்.

முழு விடையையும் ஒரேயடியாகப் போட்டால் என்ன ஆகும்? என் அக்காவின் மகள் உப்புவெளியில் இருந்து டியூசன் கொப்பியோடு வந்தாள். அழகான கையெழுத்து, சிவப்புப் பேனையால் கோடு போட்டு இதே மாதிரிக் கணக்கு, ஒரு பிழை இல்லை. x² − 8x + 3 = 0 செய்யச் சொன்னேன். இரண்டு பக்கமும் 9 கூட்டினாள். "ஏன் 9?" என்றேன். "எல்லாத்துக்கும் 9 தானே சித்தி கூட்டுறது?" என்றாள். 16 வர வேண்டிய இடம். அவள் கெட்டிக்காரிதான். அந்த 9 எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அவளுக்கு யாரும் ஒரு நிமிடம் கொடுக்கவில்லை. கொப்பி நிறைந்திருந்தது, பார்ப்பவருக்கு அது போதும்!

"மெதுவாக எழுதும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" அவர்களுக்காகத்தான் வரிகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன். "கரும்பலகையில் வரி வரியாகத்தானே எழுதுகிறோம்?" சரி, ஆனால் எழுதும்போது என் முதுகுதான் பிள்ளைகளுக்குத் தெரிகிறது, அவர்களுடைய முகம் எனக்குத் தெரிவதில்லை. அதோடு நான் எழுத எழுத அவர்களும் எழுதுவார்கள். "கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குச் சலிக்குமே?" சலிக்கும். முறை பிடிபட்ட பிள்ளைக்கு இது தேவையே இல்லை. அவர்களுக்கு வேறு கணக்குக் கொடுத்துவிடுவேன். மற்றவர்களுக்கும் மூன்றாவது உதாரணத்தில் கடைசி வரிகளை வெறுமையாக விட்டுவிடுவேன், அவர்களே நிரப்ப வேண்டும்.

இது நான் கண்டுபிடித்த கூத்தும் இல்லை. செய்து காட்டிய கணக்கை நன்றாகப் பார்த்துவிட்டு அதே மாதிரி ஒன்றை உடனே செய்தவர்கள், வெறுமனே கணக்குகளைச் செய்துகொண்டே போனவர்களை விட வேகமாகவும் பிழை குறைவாகவும் செய்தார்கள் என்று அவுஸ்திரேலியாவில் சுவெல்லர், கூப்பர் என்ற ஆய்வாளர்கள் 1985இலேயே அட்சரகணிதத்தை வைத்துக் காட்டினார்கள். அதில் ஸ்லைட் எதுவும் இல்லை, உண்மைதான். பார்ப்பது என்பது பிரதி எடுப்பது இல்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

எனக்கு வலித்தது அவர் குறை சொன்னது அல்ல. புதிதாக நியமனம் பெற்று வந்த இரண்டு ஆசிரியைகளை வைத்துக்கொண்டு சொன்னதுதான். அதில் ஒருவர் மறுநாளே முழு விடையையும் ஒரே ஸ்லைட்டில் போட்டு, வகுப்பு முழுக்கத் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. நான் வெளியே நின்று பார்த்தேன். அவரை என்ன குறை சொல்வது? கொப்பியைத்தானே எல்லோரும் புரட்டிப் பார்க்கிறார்கள். அதிபரும் பார்க்கிறார், அம்மா அப்பாவும் பார்க்கிறார்கள், வருகிறவர்களும் பார்க்கிறார்கள். பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்க யாருக்கும் நேரம் இல்லை.

அவர் இதை வாசிப்பார் என்று தெரியும். சேர், அடுத்த கிழமையும் எங்கள் வகுப்புக்கு வாருங்கள். கொப்பிகளைத் திறக்க வேண்டாம். x² + 10x + 7 = 0 என்று பலகையில் நீங்களே எழுதிவிட்டு, ஏன் 25 கூட்ட வேண்டும் என்று கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளையிடம் கேளுங்கள்.