பின்னைப் பிடுங்கினால் மட்டும் போதாது

ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிவிட்டால் ஸ்கேன் செய்யத் தாள் தயார் என்று நினைப்பவர்களை என்னால் பொறுக்கவே முடியவில்லை. பின் போனாலும் அது குத்திய ஓட்டையைச் சுற்றிக் காகிதம் மேடாக நிற்கிறது. அந்த மேடுகள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டித் தாள்களை மூலையில் பிடித்துக்கொள்கின்றன. ஸ்கேனரில் தாள்களைத் தானாக உள்ளே இழுக்கும் ஃபீடரின் ரப்பர் உருளை ஒரு தாளை இழுத்தால் அடுத்ததும் கூடவே வருகிறது, கோணலாகி உள்ளே கசங்குகிறது. சில நேரம் சிக்காமல் இரண்டும் சேர்ந்தே போய்விடும். அதுதான் பெரிய கொடுமை: 30 தாள் வைத்தால் கோப்பில் 29 பக்கம். எண்ணிப் பார்க்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

தாள்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். ஓட்டையை நகத்தால் தேய்த்துச் சமமாக்கி, தாள்கட்டை விசிறிபோல் விரித்துவிட்டு, ஸ்டேப்ளர் பின் இருந்த விளிம்பு கடைசியில் போகும்படி வையுங்கள். படம் தலைகீழாக வந்தால் 180 டிகிரி திருப்பிக்கொள்ளலாம். மடிப்பை எதிர்ப்பக்கம் மடித்து நீவுங்கள். கார்பன் பிரதி போன்ற மெல்லிய தாளுக்கு ஃபீடரே வேண்டாம், கண்ணாடி மேல் வைத்து எடுங்கள்.

அப்புறம், எடுக்காமல் விட்ட ஒரே ஒரு பின் ஃபீடருக்கான குறுகிய கண்ணாடிப் பட்டையைக் கீறிவிட்டால், அதன் பிறகு வரும் எல்லாப் பக்கத்திலும் நீளமாக ஒரு கோடு விழும். எவ்வளவு துடைத்தாலும் போகாது.