அந்த 1.83 நிற்காது
“உதாரண அட்டவணையில் விறகடுப்புள்ள 90 பேரில் 60 பேருக்கு நாள்பட்ட இருமல், இல்லாத 110 பேரில் 40 பேருக்கு, ஆகவே ஆபத்து 1.83 மடங்கு” என்ற கணக்கு தவறு. அந்த 90 பேர் தோட்டத்துச் சனத்தொகை இல்லை, 100 நோயாளிகளையும் நோயில்லாத 100 பேரையும் ஆய்வாளரே தெரிந்தெடுத்ததால் வந்த கூட்டுத்தொகை. நோயில்லாதவர்களை 400 ஆக்கிப் பாருங்கள்: அவர்களில் விறகடுப்புக்காரர் 30க்குப் பதில் 120, மற்றவர்கள் 280. அதே கணக்கு இப்போது 2.67 காட்டும். ஆனால் குறுக்கே பெருக்கி வகுக்கும் ஒட்ஸ் விகிதம், (60×70) ÷ (40×30), இரண்டிலும் 3.5 தான். அதையும் ‘ஆபத்து 3.5 மடங்கு’ என்று வாசிக்க இந்த வகை ஆய்வில் நோய் அரிதாக இருக்க வேண்டும். புகைபோக்கி இல்லாத எங்கள் லயங்களில் இருமல் அரிதில்லை. நோயாளிகளை லயத்திலும் மற்றவர்களை கேஸ் அடுப்புள்ள ஹட்டன் டவுனிலும் எடுத்தால் அந்த 3.5 கூட வீங்கிவிடும். இரு தரப்பையும் அதே தோட்டத்தில்தான் எடுக்க வேண்டும்.