இரண்டு உண்டியல்

அந்த வீடியோவை நேற்றிரவு மட்டும் மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். யார், எந்தக் கூட்டம் என்று திரும்பச் சொல்லத் தேவையில்லை. கிளிநொச்சியில் மேடை போட்டு, எங்கள் சனத்தைக் கதிரை போட்டு முன்னால் இருத்தி வைத்துக்கொண்டு, "உண்டியலில காசு எடுத்த நீங்கள்தான் ரூபாவை விழுத்தினது, நாட்டுக்கு வரவேண்டிய டொலரை மறிச்சது நீங்கள்தான்" என்று ஒருவர் சொல்கிறார். முன்வரிசையில் சிலர் கை தட்டுகிறார்கள். கை தட்டாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவைக் கமரா ஒரு கணம் காட்டிவிட்டுப் போகிறது. அந்த முகம் எனக்கு இரவு முழுக்க நித்திரை தரவில்லை.

வங்கிக்குப் போகாமல் ஆள்வழியாக வெளிநாட்டுக் காசு எடுப்பதைத்தான் உண்டியல் என்கிறோம். அந்த உண்டியலால் ரூபா விழவில்லை. மத்திய வங்கி டொலரை 200 ரூபாவளவில் ஆணியடித்து, ரூபாவுக்குப் பொய் விலை வைத்ததால்தான் காசு உண்டியலுக்குப் போனது. முன்னுக்கு நடந்தது எது, பின்னுக்கு நடந்தது எது என்று தெரியாமல் மேடையேறக் கூடாது.

எனக்கு இது புத்தகத்தில் படித்த கதையில்லை. 2021 கடைசியில் நான் வன்னியில் ஒரு வங்கிக் கிளையின் கவுண்டரில் இருந்தவன். வெளிநாட்டுக் காசு எடுக்கும் கவுண்டர். வருடத் தொடக்கத்தில் காலை ஒன்பது மணிக்கே இலக்கத் துண்டோடு சனம் நிற்கும். மார்கழியில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அந்த நேரம் வட்டக்கச்சிப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தா. மகள் குவைத்தில் வீட்டு வேலை. "தம்பி, உங்கட விலை என்ன?" என்று கேட்டா. டொலர் 200 ரூபாவளவில், அதற்கு மேல் மத்திய வங்கி தரும் ஊக்கத்தொகை 10 ரூபா என்றேன். வெளியில் 240 தருகிறார்களாம் என்றா. "அம்மா, அது சட்டவிரோதம், பாதுகாப்பில்லை, வங்கியாலயே எடுங்கோ" என்று சொன்னேன். என்னை நம்பினா. 300 டொலருக்கு 63,000 ரூபா எண்ணிக் கொடுத்தேன். உண்டியலில் எடுத்திருந்தால் 72,000. ஒன்பதாயிரம் ரூபா. அந்த வீட்டுக்கு அது ஒரு மாதச் சாமானுக்குக் காணும். மூன்று மாதம் கழித்து அதே டொலர் 300 ரூபாவுக்குப் போனபோது அவவின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இந்த அம்மா மாதிரி ஆட்களைப் பார்த்துத்தான் அந்த மேடையில் அந்த மனிசன் விரல் நீட்டினார்.

இனிக் கணக்குக்கு வருவோம். 2021இல் இலங்கை வெளிநாட்டுக்கு விற்ற பொருட்களின் பெறுமதி 12.5 பில்லியன் டொலர். வாங்கியது 20.6 பில்லியன். இடையில் 8.1 பில்லியன் துண்டு விழுந்தது. இதுதான் வர்த்தகப் பற்றாக்குறை. இதைக் கேட்டதும் "ஐயோ" என்று தலையில் கைவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1977க்குப் பிறகு இந்த நாடு ஒரு வருடம்கூடப் பொருள் வர்த்தகத்தில் மிகை கண்டதில்லை. பற்றாக்குறை எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ரூபாவை அது தனியே விழுத்துவதில்லை. பார்க்க வேண்டியது நடைமுறைக் கணக்கை. பொருளோடு சேர்த்து, சுற்றுலாவிலும் துறைமுகத்திலும் கணினி வேலையிலும் வருகிற டொலர், வெளிநாட்டுக் கடனுக்குப் போகிற வட்டி, எங்கள் பிள்ளைகள் அனுப்புகிற காசு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. அந்த வருடம் மிஞ்சவில்லை. ஏறத்தாழ 3.3 பில்லியன் குறைந்தது.

முந்தைய காலங்களில் இப்படிக் குறைந்தால் வெளியில் கடன் வாங்கி நிரப்புவார்கள். 2020இல் கடன் தரப்படுத்தல் விழுந்தபிறகு வெளிநாட்டுச் சந்தையில் எங்களுக்குக் கடன் தர ஆளில்லை. மிச்சமிருந்தது மத்திய வங்கி சேர்த்து வைத்திருந்த டொலர் ஒதுக்கு மட்டும்தான். 2019 இறுதியில் 7.6 பில்லியனாக இருந்த ஒதுக்கு 2021 கார்த்திகை முடியும்போது 1.6 பில்லியனுக்கு வந்துவிட்டது.

இப்போது மேடையில் சொன்ன குற்றத்தை எடுங்கள். 2020இல் வங்கி வழியாக வந்த வெளிநாட்டு உழைப்பாளர் காசு 7.1 பில்லியன். 2021இல் 5.5 பில்லியன். வித்தியாசம் 1.6 பில்லியன். இந்த 1.6 முழுவதையும் உண்டியல்காரர்தான் கொண்டுபோனார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அத்தனையும் வங்கிக்கு வந்திருந்தாலும் 3.3இல் 1.6 போக 1.7 பில்லியன் ஓட்டை அப்படியே இருந்திருக்கும். திருப்பிக் கட்ட வேண்டிய வெளிநாட்டுக் கடனின் முதல் தொகை இந்தக் கணக்குக்கு வெளியே. 2022 ஜனவரி 18ஆம் திகதி, சனம் எரிவாயுவுக்கு வரிசையில் நிற்கும்போது, ஒரு பிணைமுறிக்கு மட்டும் 500 மில்லியன் டொலரை எடுத்துக் கட்டினார்கள். குவைத்தில் பாத்திரம் கழுவுகிற பிள்ளையா அந்தக் கடனை வாங்கியது?

உண்டியல் எப்படி நடக்கிறது என்றும் அவருக்கு விளங்கவில்லை. பிள்ளை அங்கே டொலரைக் கொடுக்கிறாள். இங்கே தாய்க்கு ரூபா வருகிறது. அந்த டொலர் ஆவியாகப் போவதில்லை. வங்கியில் டொலர் கிடைக்காத ஒரு இறக்குமதிக்காரர் அதை வெளிநாட்டிலேயே எடுத்துத் தன் சரக்குக்குக் கட்டுகிறார். வங்கிக்குள் வராததால் எரிபொருள் கப்பலுக்கும் மருந்துக்கும் அது உதவவில்லை, தங்கம் கடத்துகிறவனுக்கும் போயிருக்கலாம். அந்தச் சேதத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் ஊக்கத்தொகையோடு 210 ரூபாவுக்கு டொலரை வாங்கி, சந்தையில் அது 240 போகும்போது, "நாட்டுக்காக 30 ரூபாவை விட்டுக்கொடு" என்று ஏழைத் தாயிடம் கேட்டது யார்? விலையை ஆணியடித்து வைத்திருந்தவர்கள்தானே?

ஆணியடித்த விலை ஏன் நிற்கவில்லை என்பதில்தான் முழு விசயமும் இருக்கிறது. மத்திய வங்கி டொலரை விற்றால் அதற்கு ஈடான ரூபா சந்தையிலிருந்து அதன் பெட்டிக்குள் போய்விடும். ரூபா வற்றினால் வட்டி ஏறும், ஆட்கள் வாங்குவதைக் குறைப்பார்கள், இறக்குமதி தானாக இறங்கும், பற்றாக்குறை சுருங்கும். வைத்தியம் அதுதான். ஆனால் நடந்தது என்ன? 2019 கடைசியில் வற் வரியை 15இலிருந்து 8 வீதத்துக்குக் குறைத்தார்கள். அரசின் வருமானம் விழுந்தது. அந்தப் பள்ளத்தை மூட அரசு குறுகிய காலக் கடன் பத்திரம் வெளியிட்டது, அதற்குப் பெயர் திறைசேரி உண்டியல். அதை மத்திய வங்கியே வாங்கி, அதற்குப் புதிய ரூபாவைக் கொடுத்தது. 2019 முடிவில் மத்திய வங்கியிடம் இருந்த திறைசேரி உண்டியல் நூறு பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. 2021 முடிவில் 1,400 பில்லியனைத் தாண்டியது. ஒரு கையால் டொலரை விற்று ரூபாவை உறிஞ்சினார்கள், மறுகையால் அதைவிடக் கூட ரூபாவை ஊற்றினார்கள். அந்த ரூபா சம்பளமாக, கடனாகச் சுற்றித் திரும்பவும் இறக்குமதிப் பொருளைத்தான் தேடிப் போனது. வங்கிக் கவுண்டரில் டொலர் கேட்டு வந்து நின்றது.

ரூபாவை விழுத்திய உண்டியல் எது என்று கேட்டால் நான் காட்டுவது இதைத்தான், திறைசேரி உண்டியலை. கிளிநொச்சிச் சந்தைக்குள் இருந்து தொலைபேசியில் விலை சொன்ன பெடியனை அல்ல.

ஆதாரம் கேட்பீர்கள். 2021 ஜனவரியில் வங்கிகளுக்கு வந்த உழைப்பாளர் காசு 675 மில்லியன் டொலர். 2022 ஜனவரியில் 259 மில்லியன். மார்ச் மாதம் விலையை அவிழ்த்துவிட்டார்கள், மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாவுக்குப் போனது. வங்கி விலையும் வெளி விலையும் கிட்ட வந்தன. சனம் திரும்பி வங்கிக்கு வந்தது. 2023இல் வருடத்துக்கு ஏறத்தாழ 6 பில்லியன், 2024இல் 6.6 பில்லியன். அதே தாய்மார், அதே பிள்ளைகள். யாரும் திடீரென்று தேசபக்தர் ஆகவில்லை, விலை நேர்மையானது, அவ்வளவுதான். இன்னொன்றும் பாருங்கள். 2024இல் வர்த்தகப் பற்றாக்குறை 2023ஐவிடக் கூடியது, 6 பில்லியனைத் தாண்டியது. ஆனாலும் ரூபா பலப்பட்டது. ஏனென்றால் அனுப்பும் காசும் சுற்றுலாவும் சேர்ந்து நடைமுறைக் கணக்கை மிகையில் வைத்திருந்தன. கடனைக் கட்டாமல் நிறுத்தியதும் வாகனம் இறக்காமல் இருந்ததும் அதற்கு உதவின, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2025இல் வாகன இறக்குமதியைத் திறந்தபிறகு ரூபா மெல்ல இறங்கத் தொடங்கியது.

"சட்டவிரோதத்துக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்று எழுதப் போகிறீர்கள். வாங்கவில்லை. கவுண்டரில் இருந்து அந்த அம்மாவைத் தடுத்தவனே நான்தான்.

"நீங்களும் வெளிநாட்டுச் சாமான்தானே பாவிக்கிறீர்கள்" என்று நேற்றே ஒருவர் கேட்டுவிட்டார். ஓம், பாவிக்கிறோம். பசளை, மண்ணெண்ணெய், டீசல், பால்மா. 2021இல் எரிபொருளுக்கு மட்டும் நாடு கொடுத்தது 3.7 பில்லியன் டொலர். அதில் எங்கள் வயலுக்கு இறைத்த மண்ணெண்ணெய் எவ்வளவு? 2022 சிறுபோகத்தில் என் அப்பா ஒரு மூட்டை யூரியாவுக்கு 40,000 ரூபா கொடுத்தார். முழு வயலுக்கும் காணாது என்று பாதி வயலுக்கு மட்டும் எறிந்தார், வரம்பில் நின்று பார்த்தால் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் கோடு கீறினமாதிரி இருந்தது. அந்த ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87இலிருந்து 340 ரூபாவானது. முல்லைத்தீவுக் கரையில் வள்ளங்கள் ஏறிக் கிடந்தன.

"விலையை அவிழ்த்ததால்தானே அந்தத் துன்பம்" என்றால், அது உண்மை. ஒதுக்கில் காசு இருக்கும்போது மெல்ல மெல்ல அவிழ்த்திருந்தால் இவ்வளவு வேகமாக விழுந்திராது. பெட்டி வெறுமையான பிறகு அவிழ்த்தார்கள், கொடுக்கக் கையில் டொலர் இல்லாமல். அதன் விலையை யார் கட்டினார்கள் என்பதை மேற்சொன்ன வயலில் பார்க்கலாம்.

எனக்கு இதில் வலிக்கிறது வேறொன்று. வன்னிச் சனம் வெளிநாட்டுக் காசில் சும்மா இருந்து சாப்பிடுகிறது என்ற கதை அந்த மேடைக்கு முன்பும் இருந்தது. விடிய ஐந்து மணிக்கு ஏ9 வீதியில் நின்று பாருங்கள். ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்குப் பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்பார்கள். நாட்டின் ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆடைதான். மகள் அங்கே டொலர் உழைக்கிறாள், மருமகள் இங்கே டொலர் உழைக்கிறாள், இரவில் மேடை போட்டு நீங்கள் அவர்களைத் திட்டுகிறீர்கள்.

2022 ஆனியில் அந்த வட்டக்கச்சி அம்மா திரும்ப எங்கள் கிளைக்கு வந்தா. இலக்கத் துண்டைக் கையில் பிடித்தபடி, "தம்பி, இப்ப உங்கட விலையும் வெளியிலயும் ஒண்டுதானாம்" என்றா. காசை எண்ணி வாங்கி, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனா. அந்த ஒன்பதாயிரத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.