கட்டாவுக்குச் சிவப்பு, நெத்திலிக்கு வண்டு

(தூத்துக்குடியில் ஒரு கருவாட்டுக் கடை. ஐப்பசி மழை சற்று விட்டிருக்கிறது. ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் சண்முகம் இரண்டு பொட்டலங்களோடு வருகிறார்.)

சண்முகம்: ஆச்சி, நான் காசு கொடுத்து வாங்கியது கருவாடு. வீட்டில் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு குடும்பமே குடியிருக்கிறது.

பேச்சியம்மாள்: முதலில் பிரியுங்கள் அண்ணாச்சி. எத்தனை பிளாஸ்டிக் பை இது?

சண்முகம்: மூன்று. பக்கத்து வீட்டுக்கு வாடை போகக்கூடாது பாருங்கள்.

பேச்சியம்மாள்: (பிரித்து) கட்டா மீன் கருவாடு ரோஜாப்பூ நிறத்தில் இருக்கிறது. தொட்டால் பிசுபிசுக்கிறது. எப்போது கட்டினீர்கள்?

சண்முகம்: மொட்டை மாடியில் நன்றாகக் காயவைத்து, சூடு ஆறும் முன்னால் இறுக்கிக் கட்டிவிட்டேன். சூட்டோடு கட்டினால் ஈரம் உள்ளே போகாதே!

பேச்சியம்மாள்: வெளியே போக வேண்டிய ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டீர்கள். சூடு ஆறும்போது பைக்குள் வியர்த்திருக்கும்.

சண்முகம்: உப்புதான் போட்டிருக்கிறதே! உப்பில் எந்தக் கிருமி பிழைக்கும்?

பேச்சியம்மாள்: நம் ஊர் உப்பளப் பாத்தியில் தண்ணீர் சிவந்து நிற்குமே, பார்த்ததில்லையா? உப்பில்தான் வாழ்வேன் என்கிற கிருமியும் அதற்கு ஒரு காரணம். அது உப்போடு சேர்ந்து மீனுக்கு வருகிறது. கருவாடு காய்ந்திருக்கும் வரை சும்மா கிடக்கும், கொஞ்சம் ஈரம் கிடைத்தால் கும்மாளம். இந்தக் கட்டாவைக் குப்பையில் போடுங்கள்.

சண்முகம்: அப்படியானால் உப்பு எதற்குத்தான்?

பேச்சியம்மாள்: மீனை அழுக வைக்கிற மற்ற கிருமிகளுக்கு. மீனைக் கீறிக் குடலெடுத்துக் கழுவி, நாலு கிலோவுக்கு ஒரு கிலோ உப்பு வீதம் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே பாரம் வைப்போம். உப்பு மீனிலிருந்து தண்ணீரை இழுக்கும், தானும் உள்ளே இறங்கும். மறுநாள் பார்த்தால் தான் விட்ட தண்ணீரிலேயே மீன் மூழ்கிக் கிடக்கும். மீதித் தண்ணீரை வெயில் பார்த்துக்கொள்ளும்.

சண்முகம்: அக்னி வெயிலில் போட்டால் ஒரே நாளில் முடியுமே!

பேச்சியம்மாள்: முடியும், கெட்டுப் போய் முடியும். பெரிய மீனை எடுத்த எடுப்பில் கடும் வெயிலில் போட்டால் மேல்தோல் இறுகி, உள்ளே இருக்கிற ஈரம் மாட்டிக்கொள்ளும். பார்த்தால் விறகு, வெட்டினால் சேறு. அதனால்தான் காற்று அடியிலும் போகிற மாதிரி உயரத்தில் வலை கட்டி, மூன்று நாலு நாள் காயவைப்போம். ராத்திரி பனி படாமல் எடுத்துக் குவித்துப் பாரம் வைத்தால், நடுச்சதையில் இருக்கிற ஈரம் விடிவதற்குள் மேலே வந்துவிடும். தடித்த இடத்தில் கட்டை விரலால் அழுத்துங்கள். குழி விழுந்து நின்றால் இன்னும் வெயில் வேண்டும்.

சண்முகம்: (நெத்திலிப் பையை நீட்டி) சரி, இது காய்ந்துதான் இருந்தது. இதற்கு என்ன சாக்கு?

பேச்சியம்மாள்: அடியில் மாவு மாதிரி கொட்டியிருக்கிறது பாருங்கள். இது வண்டு. மயிர் முளைத்த இந்தப் புழு அதன் பிள்ளை. ஈ முட்டை வைப்பது மீன் ஈரமாக இருக்கும்போது. வண்டு வருவது காய்ந்த பிறகு. நெத்திலியை உப்பு போடாமல் அப்படியே காயவைத்தது. கட்டாவை வண்டிடமிருந்து காப்பாற்றிய உப்பு இதற்கு இல்லை. அதனால் வண்டுக்கு இதுதான் பிடிக்கும்.

சண்முகம்: கொசு மருந்தை அடித்துவிட்டால்?

பேச்சியம்மாள்: அடியுங்கள். வண்டு சாகும், குழம்பு வைத்தால் நீங்களும் துணைக்குப் போகலாம்.

சண்முகம்: ஐயையோ!

பேச்சியம்மாள்: இந்த நெத்திலியையும் கொட்டிவிடுங்கள். அடுத்த தடவை வாங்கியதும் இறுக்கிக் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத முட்டையும் செத்துவிடும். எடுத்த பிறகு குளிர் விடும் வரை பையைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் கருவாடு நனைந்துவிடும். அப்புறம் இறுக மூடுகிற டப்பாவில் போடுங்கள். பிளாஸ்டிக் பையை வண்டு ஓட்டை போட்டுவிடும்.

சண்முகம்: மழைக்காலத்திலும் டப்பா போதுமா?

பேச்சியம்மாள்: காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனால் உப்பே கசிய ஆரம்பிக்கும். டப்பாவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் ஈரம் ஏறும். அதனால் மழை முடியும் வரை டப்பாவோடு ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

சண்முகம்: ஃப்ரிட்ஜில் என் சம்சாரம் பால்கோவா வைத்திருக்கிறாள் ஆச்சி.

பேச்சியம்மாள்: மூடி இறுக்கமாக இருந்தால் பால்கோவா பிழைக்கும். நீங்கள் பிழைப்பது உங்கள் சாமர்த்தியம்.

சண்முகம்: சரி, கால் கிலோ கட்டா போடுங்கள். போன தடவை வண்டு தின்றதைக் கழித்து விலை சொல்லுங்கள்.

பேச்சியம்மாள்: கழிக்கிறேன். உங்கள் வீட்டில் தின்று கொழுத்த வண்டை எடை போட்டுக் கொண்டுவாருங்கள்.