குறையறி தேர்வுக்கு எதுக்குங்க ரேங்க்?

போன வாரம் நடந்த கூத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்றைக்கும் இரண்டு பேர் அந்த ரேங்க் பட்டியலை எனக்கே அனுப்பி, "பாத்தீங்களா டீச்சர்?" என்கிறார்கள். பார்த்தேன். வருடத் தொடக்கத்தில், பிள்ளைகளுக்குக் கணக்கில் எங்கே ஓட்டை என்று தெரிந்துகொள்ள வைத்த தேர்வு அது. அதற்கு மொத்தம் போட்டு, முதல் மூன்று பேருக்கு ஸ்டார் ஒட்டி, கடைசி வரிசைக்குச் சிவப்பு அடித்திருக்கிறார்கள். கலர் நன்றாகவே இருந்தது.

மொத்தம் போட்ட நிமிடமே அந்தத் தேர்வு செத்துப்போச்சு. ஏன் என்று கேட்பவர்களுக்காக ஒரே ஒரு விஷயம், தசமம்.

4.8, 4.63 இரண்டில் எது பெரியது? ஒரு பையன் 4.63 என்று எழுதுகிறான். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படிக்கிறான். எட்டை விட 63 பெரியதுதானே! அவனிடமே 5.736, 5.62 என்று கொடுங்கள். 5.736 என்பான். விடை சரி, காரணம் அதே தப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் நேர் எதிர். புள்ளிக்குப் பின்னால் இலக்கம் கூடக்கூட எண் சின்னதாகிவிடும் என்று நினைக்கிறாள். அதனால் முதல் கேள்வியில் 4.8 என்று எழுதிச் சரி வாங்குகிறாள், இரண்டாவதில் 5.62 என்று எழுதித் தப்பு வாங்குகிறாள்.

இந்த வகையில் ஐந்து, அந்த வகையில் ஐந்து என்று பத்துக் கேள்வி இருந்தால் இருவருக்கும் ஐந்து ஐந்து. பட்டியலில் ஒரே இடம், ஒரே சிறப்பு வகுப்பு, ஒரே பெஞ்ச். அங்கே போய் "நூறில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கை விடச் சின்னதுப்பா" என்று அழுத்திச் சொன்னால் பையன் கொஞ்சம் யோசிப்பான். அந்தப் பெண்ணோ, "அதைத்தானே நானும் சொல்றேன்" என்று தன் தப்பை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். மொத்தம் இதைச் சொல்லாது. அவர்கள் எழுதிய தப்பு விடைதான் சொல்லும்.

முழு மதிப்பெண் வாங்கியவர்களையும் நான் நம்புவதில்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளை பத்துக்குப் பத்து. 4.8ஐ 4.80 ஆக்கு, பிறகு ஒப்பிடு என்று யாரோ சொல்லிக்கொடுத்த வழி, பிசகாமல் செய்தாள். கூப்பிட்டு, "0.3க்கும் 0.4க்கும் நடுவில் ஏதாவது எண் இருக்கா?" என்று கேட்டேன். "இல்லையே டீச்சர், மூணுக்கு அடுத்தது நாலுதானே!" ஸ்டார் யாருக்கு ஒட்டுவது?

"நாற்பது பேர் தாளையும் இப்படிப் படிக்க நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு பெரிய தாளில் பெயர்களைக் கீழாக, கேள்வி எண்களைக் குறுக்காக எழுதுங்கள். கட்டத்துக்குள் டிக் போடாமல் பிள்ளை எழுதிய விடையையே எழுதுங்கள். ஒரு வகைக்கு மூன்று கேள்வியாவது இருக்க வேண்டும். ஒன்றில் தப்பு செய்தால் கவனக்குறைவாக இருக்கலாம், மூன்றிலும் ஒரே மாதிரித் தப்பு செய்தால் அது அவன் மனசுக்குள் வைத்திருக்கும் விதி. சந்தேகம் இருப்பவரை மட்டும் கூப்பிட்டு "எப்படிப் போட்டே?" என்று கேட்டால் போதும். ரேங்க் பட்டியலுக்குக் கலர் அடிக்க நேரம் இருந்ததல்லவா?

"மதிப்பெண் இல்லாவிட்டால் பிள்ளைகள் ஒழுங்காக எழுத மாட்டார்கள்." சிலர் எழுத மாட்டார்கள்தான். ஆனால் ரேங்க் என்றால் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவார்கள். அப்போது நீங்கள் கண்டுபிடிப்பது யாருடைய ஓட்டையை? "பெற்றோர் கேட்கிறார்கள்" என்பதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

இதையெல்லாம் ஆசிரியர் கூட்டத்திலேயே சொன்னேன். "டீச்சர் தியரி நல்லா பேசுவாங்க" என்று ஒரு சிரிப்பு. அதைக்கூட விட்டுவிடலாம். அடுத்து வந்ததுதான் விடவில்லை: "போன வருஷம் இந்த செக்‌ஷனை யார் எடுத்தது?" எல்லோருக்கும் தெரியும், நான்தான் எடுத்தேன். பிள்ளைகளின் குறையை அறிய வைத்த தேர்வு, ஐந்தே நிமிடத்தில் என் மேல் குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது. அடுத்த வருடம் எந்த ஆசிரியராவது குறையை உள்ளபடி வெளியே காட்டுவாரா? எளிதான கேள்வியாகப் பொறுக்கி எடுத்து, எல்லாருக்கும் எண்பதுக்கு மேல் வரவைத்து, நிம்மதியாக இருப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்யத் தோன்றும்.

விடைத்தாள் கட்டு ஆபீஸ் பீரோவில் இருக்கிறதாம், ரேங்க் போட்டாச்சு, இனி யாருக்கும் வேண்டாமாம். எனக்கு வேண்டும். திங்கட்கிழமை வந்து கேட்பேன். தியரி பேசவாவது கொடுங்கள்.