பர்ஸ் படத்தை ஏன் நீக்கினேன்

நம்ம ஊர் ஃபேஸ்புக் குழுவில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பதிவை நீக்கியதற்காக இன்றுவரை என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். "நல்லது பண்ண வந்தவனை அட்மின் விரட்டுறாரு" என்று ஒருவர் தனிப்பதிவே போட்டுவிட்டார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். பேருந்து நிலையத்தில் ஒரு தம்பிக்கு ஒரு பெண்ணின் பர்ஸ் கிடைத்திருக்கிறது. அவர் உள்ளே இருந்ததையெல்லாம் பெஞ்சில் பரப்பி, ஒரே படமாக எடுத்து, "உரியவர் தொடர்பு கொள்ளவும், அதிகம் பகிரவும்" என்று போட்டார். ஆதார் அட்டையின் முன்பக்கம், ஓட்டுநர் உரிமம், ஒரு சிறுமியின் பள்ளி அடையாள அட்டை. நான் பார்த்தபோது பதிவுக்கு நாற்பது நிமிட வயது. ஐம்பதுக்கு மேல் ஷேர். உடனே நீக்கிவிட்டு அவரை அழைத்தேன். "அண்ணே, ஆதார் நம்பர் மேல ஸ்மைலி வச்சு மறைச்சுட்டுத்தானே போட்டேன்" என்றார். உண்மைதான், மறைத்திருந்தார். அவர் மனதில் கெடுதல் எதுவும் இல்லை, இப்போதும் சொல்கிறேன்.

ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த க்யூஆர் கட்டம் அப்படியே தெரிந்தது. அந்தக் கட்டத்துக்குள் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் இருக்கின்றன, புதிய அட்டைகளில் சின்னதாக ஒரு முகப்படமும் உண்டு. ஆதார் ஆணையமே இலவசமாகத் தரும் ஸ்கேனர் செயலியில் அதைப் படிக்கலாம். பழைய அட்டை என்றால் இன்னும் மோசம், அதிலுள்ள கட்டத்தைச் சாதாரண க்யூஆர் செயலியில் காட்டினாலே 12 இலக்க எண் முழுசாக வந்து விழும். ஸ்மைலி வைத்து மறைத்த அதே எண். மறைக்கிறோம் என்று போன் ஹைலைட்டரால் கறுப்புத் தடவுகிறவர்களும் உண்டு. அது பல போன்களில் பாதி ஒளிபுகும் மை, படத்தின் வெளிச்சத்தை ஏற்றினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும்.

"எண் தெரிஞ்சா என்ன ஆயிடும், எல்லா ஜெராக்ஸ் கடையிலும் இருக்கே" என்று கேட்டவர்களுக்கு. எண் மட்டும் தெரிந்து யாரும் பணத்தை எடுத்துவிட முடியாது, சரி. ஆனால் ஆதார் தளத்திலிருந்து தரவிறக்கும் இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல் எது தெரியுமா? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், அப்புறம் பிறந்த ஆண்டு. மாலதி, 1988 என்றால் MALA1988. அட்டையின் படத்தைப் பார்த்தவருக்கு இரண்டும் கையில் கிடைத்துவிட்டன, அந்தக் கோப்பு எங்கேயாவது மின்னஞ்சலிலோ கணினி மையத்திலோ கிடந்தால் பூட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான். அதைவிடப் பெரிய ஆபத்து போனில் வருவது. போலீஸ் என்று சொல்லி மிரட்டிப் பணம் பறிக்கும் டிஜிட்டல் அரெஸ்ட் மோசடியில் கூப்பிடுகிறவன் முதலில் செய்வது, நம்முடைய பெயர், முகவரி, ஆதார் எண் எல்லாவற்றையும் தப்பில்லாமல் படித்துக் காட்டுவது. "உங்க பேர்ல பார்சல்ல போதைப்பொருள் வந்திருக்கு" என்பதை அதற்கப்புறம்தான் சொல்வான். படித்தவர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள் எல்லாம் ஏமாந்தது அந்த முதல் நிமிடத்தில்தான். பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரிக்கும் அளவுக்குப் போனது.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஆதார் அட்டை தொலைந்தால் பதிவு செய்த போனுக்கு வரும் ஓடிபியை வைத்து அன்றைக்கே மறுபடி எடுத்துக்கொள்ளலாம். உரிமத்தை டிஜிலாக்கரில் காட்டலாம். ஆனால் எண் ஒருமுறை ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டால் வேறு எண் கேட்டு வாங்க வழியில்லை. சாகும்வரை அதே 12 இலக்கம். எளிதில் திரும்பக் கிடைக்கிற ஒன்றை மீட்பதற்காக, திரும்பவே பெற முடியாததை வெளியே விட்டுவிடுகிறோம். என் கோபம் முழுக்க இதில்தான்.

நல்லெண்ணம் இருந்தால் போதும் என்பவர்களுக்கு தோனி விஷயம் ஞாபகம் இருக்கலாம். 2017 மார்ச்சில் அவர் ஆதாருக்காகக் கைரேகை வைத்ததைப் பெருமையாக ட்விட்டரில் போட்டார்கள், கூடவே அவருடைய விண்ணப்ப விவரமும் வெளியே போய்விட்டது. சாக்ஷி தோனி அமைச்சரிடமே ட்விட்டரில் கேட்டார். அந்தப் பதிவு நீக்கப்பட்டது, சேர்க்கை செய்த மையத்தை ஆணையம் 10 ஆண்டுகளுக்குத் தடை செய்தது. 2016 ஆதார் சட்டத்தின் 29-ஆம் பிரிவே எண்ணையும் விவரங்களையும் பொதுவில் வெளியிடக் கூடாது என்கிறது. ஃபேஸ்புக்கின் விதியிலும் அரசு அடையாள எண் தெரியும் பதிவு நீக்கத்துக்கு உரியதுதான். நான் விட்டுவைத்திருந்தாலும் யாராவது ஒருவர் புகார் கொடுத்தால் போய்விடும்.

அந்தப் படத்தில் என்னை அதிகம் பதற வைத்தது ஆதார்கூட இல்லை, அந்தச் சிறுமியின் அட்டை. முகம், பெயர், வகுப்பு, பள்ளி, அவளை ஏற்றிவிடும் பேருந்து நிறுத்தம், அப்பா போன் நம்பர். முன்பின் தெரியாத ஒருவன் பள்ளி வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு "அப்பா அனுப்பினாரு" என்று சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்? 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் படத்தை நீக்கச் சொல்லி ஃபேஸ்புக்கிடம் பெற்றோரே கேட்கலாம். ஆனால் படம் ஓடிக்கொண்டிருப்பதே தெரியாத பெற்றோர் எப்படிக் கேட்பார்கள்?

பர்ஸ் அன்று மாலையே போய்ச் சேர்ந்துவிட்டது. அதோடு முடியவில்லை. "உரியவரிடம் ஒப்படைத்தாச்சு" என்பதற்குச் சாட்சியாக அந்தத் தம்பி வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டார். அந்த அம்மாவின் எண்ணை அவர் சேமிக்காததால் மேலே பெயருக்குப் பதில் முழு மொபைல் எண். கீழே அந்த அம்மா எழுதியிருந்தது, "வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்காரு, ஏழு மணிக்கு மேல வாங்க". அதையும் நீக்கினேன். அந்த வரியை அவர் ஒருவருக்கு எழுதினார், குழுவில் இருக்கும் பதினெட்டாயிரம் பேருக்கு இல்லை.

பர்ஸ் கிடைத்தால் என்ன போடலாம் என்று கேட்டிருந்தீர்கள். "இன்று காலை பேருந்து நிலையத்தில் ஒரு பெண்கள் பர்ஸ் கிடைத்தது, பெயர் மா-வில் ஆரம்பிக்கிறது" என்று எழுத்தில் போடுங்கள், படம் வேண்டாம். பர்ஸின் நிறத்தையும் உள்ளே எவ்வளவு பணம் என்பதையும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டு வருகிறவர் அதைச் சொல்லட்டும். எல்லாவற்றையும் படம் பிடித்துப் போட்டால் யார் வேண்டுமானாலும் வந்து "என்னுடையது" என்று அடையாளம் சொல்லிவிடலாமே. இரண்டு நாளில் யாரும் வரவில்லை என்றால் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

மூலப் பதிவை நீக்கியதும் ஃபேஸ்புக்கில் ஷேர் ஆனவையும் செத்துவிடும். வாட்ஸ்அப்புக்குப் போன படம் சாகாது. திங்கட்கிழமை அந்த அம்மா என்னைத் தேடி வந்தார், அவருடைய அத்தை வேறொரு குழுவில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். அந்த அம்மாவின் போனில் எம்ஆதார் செயலியைப் போட்டு, கைரேகையை ஆதார் சரிபார்ப்புக்கு யாரும் எங்கேயும் பயன்படுத்த முடியாதபடி பயோமெட்ரிக் லாக் செய்து கொடுத்தேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு, மகளின் படத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று கேட்டார். ஐம்பது ஷேர் என்பதைத் தவிர அவரிடம் சொல்ல என்னிடம் வேறு கணக்கு இல்லை.