பெங்குவினை விட்டுவிடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் கூட்டத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்வதைப் பற்றிய பேச்சு. "ஆடு மாடுகூடச் செய்யாததை மனுசன் செய்யறான்" என்றார் ஒரு பெரியவர். நம் ஆள் ஒருவர் எழுந்து, "பெங்குவின் செய்யுதே ஐயா, அப்போ இது சரிதானே" என்றார். ஒரே கைதட்டல். எனக்கு வீடு வந்து சேரும் வரை மனசு ஆறவில்லை. பெரியவர் மேல் இருந்ததைவிட நம் ஆள் மேல்தான் அதிகக் கோபம்.

பெரியவர் சொன்னது தகவலாகவே தப்பு. அவர் மாடு வளர்த்ததில்லை, அவ்வளவுதான். திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டில் இரண்டு பசு நின்றது. ஒருநாள் காலையில் ஒன்றின் முதுகில் இன்னொன்று தாவி ஏறியது. நான் கம்பை எடுத்துக்கொண்டு விரட்ட ஓடினேன். அம்மா தடுத்தாள். "லேய், மேல ஏறினத விடு, கீழ நிக்கத பாரு. அசையாம நிக்குதா? அப்போ அதுக்குத்தான் ஊசி." ஏறுகிற மாட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஏறவிட்டு விலகாமல் நிற்கிற பசுதான் சினைக்கு வந்திருக்கிறது. காலையில் அப்படி நின்றால் சாயங்காலம் சினை ஊசி போட வேண்டும். சாயங்காலம் நின்றால் மறுநாள் காலையில். மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. பெண்ணும் பெண்ணும்தான். ஆனால் அம்மாவுக்கு அது பாவமும் இல்லை, காதலும் இல்லை. ஊசிக்காரரைக் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது, அவ்வளவே.

சரி, பெங்குவினுக்கு வருகிறேன். 1911-12 கோடையில் அண்டார்டிகாவின் கேப் அடேரில் தங்கி அடேலி பெங்குவின்களைக் கவனித்தவர் ஜார்ஜ் மர்ரே லெவிக். தென்துருவம் போன ஸ்காட்டின் பயணக் குழுவில் இருந்த கடற்படை மருத்துவர். ஆண் ஆணோடு சேர்ந்ததைப் பார்த்துக் குறித்து வைத்தார். யாரும் படித்துவிடக் கூடாது என்று சில பகுதிகளைக் கிரேக்க எழுத்தில் எழுதினார். 1915-இல் 'வெளியிடுவதற்கல்ல' என்று அச்சிட்டுச் சுமார் நூறு பிரதிதான் போட்டார்கள். 2012-இல்தான் அது முறையாக வெளியானது.

அதே குறிப்பில் வேறு என்ன இருக்கிறது தெரியுமா? செத்துக் கிடந்த பெண் பெங்குவின்களோடு ஆண்கள் சேர்ந்தது, காயம்பட்ட பெண்களை வலுக்கட்டாயப்படுத்தியது, குஞ்சுகளைச் சீரழித்தது. பிணத்தின் கிடை, சேர்க்கைக்குப் படுக்கிற பெண்ணின் கிடையைப் போலவே இருப்பதால் அனுபவமில்லாத இளம் ஆண்கள் ஏமாறுகின்றன என்று பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள். லெவிக்கோ அவற்றை ஒழுக்கம் கெட்ட பறவைகள் என்றே நினைத்தார். பறவைக்கு ஏதப்பா ஒழுக்கம்?

நான் சொல்ல வருவது இதுதான். பெங்குவின் செய்வதால் சரி என்றால், அந்தக் குறிப்பேடு முழுவதும் சரியாகிவிடும். ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக் கொண்டுவந்து சாட்சி சொல்லக் கூடாது. "விலங்குகளில் கிடையவே கிடையாது" என்பவருக்கு "இருக்கிறது" என்று காட்டலாம். அதோடு விலங்கின் வேலை முடிந்தது. சரியா தப்பா என்பதை அது சொல்லாது.

"அப்போ நீ பெரியவர் கட்சியா?" என்று கேட்பீர்கள், தெரியும். இல்லை. விலங்கு செய்யாவிட்டாலும் அவர் வாதம் நிற்காது. எந்த மாடும் தாலி கட்டுவதில்லை, எந்த ஆடும் விரதம் இருப்பதில்லை. அதையெல்லாம் நாம் தப்பு என்கிறோமா?

"எதிராளி இயற்கை என்று பேசும்போது நாமும் அதே பாஷையில்தானே பதில் சொல்லணும்" என்பார்கள். அங்கேதான் தோற்கிறோம். ஒருபால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு 'இயற்கையின் ஒழுங்குக்கு விரோதம்' என்றுதான் சொன்னது. அது குற்றமல்ல என்ற உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு எதன் மேல் நின்றது? சமத்துவம், கண்ணியம், அந்தரங்க உரிமை. மனிதருக்கு மனிதர் தர வேண்டியவை. பெங்குவினிடம் கேட்டு வாங்கியவை அல்ல.

அப்புறம் இன்னொன்று. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். என் சித்தி மகன் அன்று என் பக்கத்து நாற்காலியில் இருந்தான். பெங்குவின் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள், நம்மவர்களும்தான். அவன் சிரிக்கவில்லை. தன்னைப் பற்றிய பேச்சில் தனக்காக ஒரு பறவையை நிறுத்தினால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று கைதட்டியவர்கள் யாராவது யோசித்தீர்களா?

அவன் யாரிடமும் ஆதாரம் கேட்கவில்லை. தங்கச்சி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நிற்க ஓர் இடம் கேட்டான். "முந்தின நாள் ராத்திரி வந்து பாத்துட்டு, விடியுமுன்ன போயிரு மக்கா" என்றாள் சித்தி, அழுதுகொண்டே. பந்தலுக்கு வாழை கட்டியது அவன்தான். தாலி கட்டும் நேரத்தில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பையோடு நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தான். "மேளம் கேக்குதா பாக்கேன், போனை அப்படியே வச்சிரு அண்ணே" என்றான். வைத்திருந்தேன்.